ஆறு லட்சத்துக்குள் எண்ணூறு ரூபாய்

பாறசாலையை அடுத்த செங்கலைச் சேர்ந்த மென்பொருள் சோதனையாளர் ஒருத்திக்கு, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலுள்ள நிறுவனமொன்று ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் ஊதியம் தர முன்வந்தது. அவள் எழுதிய பதில் மடலை, ஆட்சேர்ப்புத் துறையிலிருக்கும் பெரியம்மா மகள் படித்துப் பார்த்தாள். “வீட்டுக்கடன் இருக்கிறது, தாங்கள் பார்த்துக் கூட்டித் தந்தால் நன்று” என்பதே மடலின் சாரம்.

“பணிவில் குறையில்லை. ஆனால் தொகையை முடிவுசெய்யும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டாய். கடன் உன் தேவை, அவர்கள் விலை கொடுப்பது உன் வேலைக்கு” என்றாள் அக்கா.

பிறகு இருவரும் கணக்கிட்டனர். அடிப்படை ஊதியம் 3,00,000. அதில் 12 விழுக்காடான நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கு 36,000 ரூபாயும், 4.81 விழுக்காடான பணிக்கொடை 14,430 ரூபாயும் அந்த ஆறு லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. அவற்றோடு அவளுடைய வைப்புநிதிப் பங்கு 36,000 ரூபாயையும் கழித்தால், தொழில்வரிக்கு முன் மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 42,800. இப்போதைய வேலையில் இதே பிடித்தங்கள் போக 42,000 வருகிறது. உயர்வு எண்ணூறு ரூபாய்தான்.

புதிய மடலில் கடன் இடம்பெறவில்லை. ஒரு வரி நன்றி. இரண்டு நாள் சோதனையை அரைநாளாக்கிய அவளது தானியக்கப் பணி. கைக்கு வரும் தொகைகளின் ஒப்பீடு. பின்னர் கோரிக்கை: 6,90,000. இயலாதெனில், ஆறு மாதத்தில் ஊதிய மறுஆய்வு என்பதைப் பணி ஆணையிலேயே எழுதித் தர வேண்டும்.

“ஆறரை முதல் ஏழு லட்சம் வரை” என்று எழுதலாமா எனக் கேட்டாள். “எழுதினால் ஆறரைதான் அவர்கள் கண்ணில் படும்” என்றாள் அக்கா.