கல்முனையில் ஒரு வாடகை மேசை

காலை பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது. நான் அப்போது ஒரு ஆய்வு நிறுவனத்து அக்காவோடு வீடியோ கோலில் இருந்தேன். பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை, முப்பது ஒலிப்பதிவு, எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஒப்பந்தம். விலை பேசுற கட்டத்தில் அவவின் முகம் உறைந்துபோய் நின்றது. எனக்குப் பதற்றமே வரவில்லை. ஏனென்றால் இந்த இடத்தில் ஜெனரேட்டர் இருக்கு என்று சேரும்போதே கேட்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி அதில்லை என்பது நாலு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது.

எங்கட வீடு திருக்கோவிலில், கடற்கரைப் பக்கம். ஒழுங்கைக்குள் ஃபைபர் வரவில்லை. போன் சிக்னல் மாமரத்துக்குக் கீழே நல்லா இருக்கும், ஆனால் மாமரத்துக்குக் கீழே இருந்து ஒருத்தரிடமும் விலை பேச ஏலாது. அதனால் செமஸ்டர் விடுமுறையில் கல்முனையில் ஒரு பொது அலுவலகத்தில் மேசை எடுத்தேன். பெயர் சொல்லவில்லை. நடத்துறவங்க நல்ல மனுசர், குறைகளும் எல்லா இடத்திலும் இருக்கக்கூடியவைதான். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற ஒருத்தர், தனியா வேலை செய்றவங்க கூடி இருக்க என்று ஒரு வீட்டில் மேசை போட்டுத் தொடங்கிய யோசனை, அக்கரைப்பற்றில் பஸ் மாறி நான் போய்ச் சேருகிற மாடிப்படி வரைக்கும் வந்திருக்கு.

முதல்ல இன்டர்நெட். சேருகிற அன்று வேகம் பார்த்தேன், 48 எம்பிபிஎஸ் காட்டியது. போதும் என்று காசு கட்டிவிட்டேன். ஆனால் மூலை மேசையில் இருந்து பேசினால் குரல் வெட்டி வெட்டி வருது. பக்கத்து மேசையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுற தம்பி ஒருத்தன் ஒரு வழி காட்டித் தந்தான். முதலில் `ipconfig` என்று அடித்து Default Gateway என்ற வரியில் இருக்கிற ரவுட்டர் முகவரியைப் பார்க்கணும். பிறகு இந்த இரண்டையும் ஓட விடணும்.

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 8.8.8.8
```

முதல் வரி உங்கட லேப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் நூறு தரம் தட்டிப் பார்க்கும் (உங்கட ரவுட்டர் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்க). இரண்டாவது வெளியே கூகுளின் சேவர் வரை போய்வரும். மூலை மேசையில் ரவுட்டருக்கே நூறில் ஒன்பது போய்ச் சேரவில்லை. போனவையும் ஒருதரம் 3 மில்லிசெக்கன், இன்னொருதரம் 400. ரவுட்டருக்குக் கிட்ட இருக்கிற கதிரையில் ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் 2, 3தான். ஆக ஃபைபரில் பிழை இல்லை. நடுவில் ஒரு கொங்கிரீட் சுவர், அதைத் தாண்டி 5 கிகாஹேர்ட்ஸ் அலை சரியா வராது. 2.4 வரும், ஆனால் சுற்றியுள்ள கடைகளின் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெரிபடுது. மேசை மாறினதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மற்றப் பிரச்சினை தீரவில்லை, அதற்குக் காரணம் வழி காட்டின தம்பியேதான். அவன் பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் போட்டால் ரவுட்டருக்கான எண் அப்படியே இருக்கும், வெளியே போறது மட்டும் 30இல் இருந்து 600க்கு ஏறும். பாண் கடையில் ஒரே ஆள் ஐம்பது றாத்தல் கேட்டு நிற்க, பின்னால் ஒரு றாத்தல் வாங்க வந்த பிள்ளை காத்திருக்கிற கதை. ரவுட்டரில் ஆளுக்கு ஒரு பங்கு என்று வரையறுத்தால் சரிவரும். அதை நான் செய்ய ஏலாது, அவங்கதான் செய்யணும். சொன்னேன், செய்றதாகச் சொன்னாங்க. வேகச் சோதனையை ஆள் இல்லாத காலை நேரத்தில் பார்த்து ஏமாறாதீங்க, பின்னேரம் ஆட்கள் நிறைந்திருக்கும்போது பாருங்க.

இனி அந்த நாலு நிமிடம். கரண்ட் போனதும் ஒரு அண்ணன் கீழே இறங்கிப்போய் ஜெனரேட்டரைப் போட ஒரு நிமிடம். வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அதற்குள் அணைந்து, திரும்ப விழித்து, லைட் எல்லாம் பச்சையாக இன்னும் மூன்று நிமிடம். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாட்டில் ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் வைக்கப் பலர் பழகிவிட்டார்கள். இங்கே வைக்கவில்லை. கேட்க வேண்டியிருந்தது, "கரண்ட் போனா ரவுட்டர் நிக்காம ஓடுமா?" என்றுதான். ஒப்பந்தம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், போன் டேட்டாவில் திரும்ப எடுத்துப் பேசினேன்.

சத்தம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே எல்லாரும் மெதுவாத்தான் பேசுறாங்க. கீழ்மாடியில் டியூசன். மூன்று மணிக்கு சேர் மைக்கைப் பிடித்தால் எனக்கும் பொருளியல் பாடம் நடக்கும். ஒலிப்பதிவு கேட்டு எழுதுறவளுக்கு அது சாவு. பேட்டி கொடுத்த அம்மா நெல் விலையைப் பற்றிச் சொல்றாவா, சேர் சொல்றாரா என்று பிரிக்க முடியாமல் ஒரே வரியை ஐந்து தரம் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கு முன்னம் கேட்டு எழுதுறது, பிறகு திருத்துறது என்று வேலையை மாற்றிக்கொண்டேன். ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே, அது ஓடினால் கோல் எடுக்க கூண்டுதான். கூண்டுக்குத் தனிக் காசு.

நான் எடுத்தது பத்து நாள் பாஸ், 7,000 ரூபா. ஒரு நாளைக்கு 700, எட்டு மணித்தியாலம் என்று கணக்குப் போட்டு அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். முப்பது நாளுக்குள் முடிக்கணும் என்பது ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது. இடையில் காய்ச்சல், ஒரு கலியாண வீடு. ஏழு நாள்தான் போனேன், மூன்று நாள் காலாவதி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டில் இருந்து இரண்டு வரை பூட்டுவாங்க. கல்முனையில் அது தெரிந்த விசயம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அன்றைக்கும் பாஸில் முழு நாள்தான் கழியும். வெள்ளியை அரை நாளா எழுதினால் என்ன?

கடைசி நாள் கவுண்டரில் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்க, அங்கிருந்த காக்கா சிரித்துக்கொண்டே சொன்னார், "தங்கச்சி, ஜெனரேட்டர் ஓடினா அது வேற கணக்கு. போர்ட்ல எழுதி இரிக்கே."

எழுதித்தான் இருந்தது, கதவுக்குப் பின்னால். கதவு திறந்திருந்தால் தெரியாது.

பதிவுக் கட்டணம் 1,000. ஜெனரேட்டர் மணிக்கு 150படி மூன்று மணித்தியாலம், 450. கூண்டு மணிக்கு 300படி இரண்டு, 600. எல்லாமா 9,050. முற்பணம் 2,000 சதம் குறையாமல் திரும்பி வந்தது, அதை மறைக்கக் கூடாது. பஸ் நேரத்தால் நான் ஒன்பதரைக்கு வந்து நாலரைக்கு எழும்புவேன். ஐந்து நாளுக்கு முப்பத்தைந்து மணித்தியாலம், இரண்டு வெள்ளிக்குப் பத்து, மொத்தம் நாற்பத்தைந்து. மணிக்கு 201 ரூபா வருது. நான் நினைத்து வந்தது 88க்குக் கிட்ட. பஸ் காசை இதில் சேர்க்கவே இல்லை.

இப்போ தனி நாள் பாஸ்தான் எடுக்கிறேன். ஒரு நாளுக்கு 900. விலை கூட, ஆனால் போகாத நாளுக்குக் காசு இல்லை. வெள்ளி போவதில்லை. கரண்ட் வெட்டு அறிவித்த நாளும் போவதில்லை. ரவுட்டருக்குப் பக்கத்துக் கதிரையை முன்கூட்டிப் பதிய ஏலாது, முந்தி வாறவங்களுக்குத்தான். அந்தத் தம்பியும் அதே கதிரைக்குத்தான் வாறான். போன செவ்வாய் நான் முந்திவிட்டேன்.