புள்ளி எங்கே வெறும் புள்ளி?

பசுவந்தனையில் வாழ்ந்து மறைந்த என் பெரியப்பா விட்டுச்சென்ற நாட்குறிப்புகளைக் கணினியில் ஏற்றி முடித்திருக்கிறேன். பருத்தி விலை, மழை பெய்த நாள், வண்டிப் பயணம் என்று கரிசல் காட்டின் அன்றாடம் அவற்றில் இருக்கிறது. இடைசெவல் பக்கத்து ஊர் என்பதால் கி.ரா. பெயரும் அடிக்கடி வரும். வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு எழுத்துகள் பிடிபடாது. முழுப்பெயராக்கித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். சிறு வேலைதான். ஆனால் அது இறந்துபோன மனிதரின் வாக்கியங்களில் கைவைக்கும் வேலை.

இத்தகைய மாற்றங்களுக்கு நான் பயன்படுத்துவது sed என்னும் பழைய நிரல். தேட வேண்டியதை முதல் பகுதியிலும், அதற்குப் பதிலாக வர வேண்டியதை இரண்டாம் பகுதியிலும் எழுதி, இடையே சாய்கோடு இட வேண்டும். தேடும் பகுதியில் புள்ளி என்பது புள்ளி அன்று. ‘ஏதேனும் ஒரு குறி’ என்று அதற்குப் பொருள். அதை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று அறிய, ஒரு நகலில் வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன்.

```
sed 's/கி.ரா./கி. ராஜநாராயணன்/g' naal.txt
```

‘கோவில்பட்டி நோக்கி ராத்திரி வண்டி கட்டினோம்’ என்று பெரியப்பா எழுதிய வரி இப்படி ஆயிற்று:

```
கோவில்பட்டி நோக்கி. ராஜநாராயணன்்திரி வண்டி கட்டினோம்
```

‘நோக்கி’யின் கடைசி எழுத்து, ஓர் இடைவெளி, ‘ரா’, அதன்பின் ஒரு ‘த’. நிரலின் கண்ணுக்கு எல்லாம் பொருந்திவிட்டன. ‘த்’ என்பது கணினிக்கு ‘த’வும் மேற்புள்ளியுமாக இரண்டு குறிகள், ‘த’ போய்விட, மேற்புள்ளி மட்டும் அநாதையாக நிற்கிறது. ராத்திரிப் பயணத்துக்குள் ஓர் எழுத்தாளர் நுழைந்துவிட்டார். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. புள்ளியை வெறும் புள்ளியாக்க, அதன் முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும்:

```
s/கி\.ரா\./கி. ராஜநாராயணன்/g
```

இரண்டாம் பகுதியில் உள்ள புள்ளிக்கு அது தேவையில்லை. அங்கே புள்ளி, புள்ளிதான்.

‘உம்’மைக் குறிக்கும் & குறியின் குணம் இதற்கு நேர் எதிரானது. தேடும் பகுதியில் அது சாதுவாக இருக்கும். பதில் பகுதியில் ‘இப்போது கண்டுபிடித்தது முழுவதும்’ என்று பொருள் கொள்ளும். பெரியப்பா பருத்திக் கடையின் பெயரைச் சில இடங்களில் ‘அன் கோ’ என்றும், சில இடங்களில் ‘& கோ’ என்றும் எழுதியிருக்கிறார். கடைப் பலகையில் இருந்தபடி ஒன்றாக்கலாம் என்று s/அன் கோ/& கோ/ என எழுதினால் ‘அன் கோ கோ’ என்று வரும், கோழி கொக்கரிப்பதுபோல. சரியான வடிவம் இது:

```
s/அன் கோ/\& கோ/g
```

சாய்கோடு இரு பகுதிகளிலும் தொல்லை தரும். அதற்குச் சொந்தப் பொருள் ஏதுமில்லை, அது வேலி. 14/8/1968 என்ற தேதியை 14-8-1968 ஆக்க நினைத்து அப்படியே எழுதினால், 14-ஐ 8 ஆக்கச் சொல்வதாக நிரல் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது புரியாமல் unknown option to `s' என்று கூவி நின்றுவிடும். மூன்றில் இதுவே நல்ல பிழை, ஏனெனில் வாய்விட்டுச் சொல்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்சாய்கோடு இடலாம். அதைவிட வேலியையே மாற்றிவிடுவது கண்ணுக்கு எளிது:

```
s|14/8/1968|14-8-1968|g
```

அப்படியானால் எல்லாக் குறிகளுக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. லினக்ஸில் வழங்கும் sed-இல் கூட்டல் குறி இயல்பாக வெறும் கூட்டல் குறிதான். பின்சாய்கோடு இட்டால்தான் ‘ஒன்றோ பலவோ’ என்ற சிறப்புப் பொருள் அதற்கு வருகிறது.

பேசாத பிழைகளைப் பிடிக்க, மாற்றுவதற்கு முன் இருமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

```
grep -c 'கி.ரா.' naal.txt
grep -cF 'கி.ரா.' naal.txt
```

F சேர்ந்த கட்டளை எழுதியதை எழுதியபடியே தேடும். இரண்டு எண்களும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டில்தான் ‘நோக்கி ராத்திரி’ போன்ற வரிகள் ஒளிந்திருக்கின்றன. எண்கள் ஒத்திருந்தாலும் முழுதும் நம்ப முடியாது. எண்ணப்படுவது வரிகள், சரியான இடமும் தவறான இடமும் ஒரே வரியில் வந்தால் வேறுபாடு தெரியாது. ஆகவே மாற்றியபின் diff கொண்டு பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் படித்தேன்.

அப்படிப் படித்தபோது வேறொன்று கண்ணில்பட்டது. ‘கி.ரா.வைப் பார்த்தேன்’ என்பது ‘கி. ராஜநாராயணன்வைப் பார்த்தேன்’ என்றாகியிருந்தது. குறிகள் எல்லாம் சரி, புணர்ச்சி தவறு. அதற்குப் பின்சாய்கோடு உதவாது. வேற்றுமை உருபு ஒட்டிய அந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்தினேன்.