எட்டுச் சுற்றும் நான்கு மீட்டரும்

விடியற்காலை ஐந்தரை மணி. தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளித் திடலில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் அவர்களுடைய பைகள் கிடந்தன. ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டு, ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு பொது அறிவுப் புத்தகம் இருந்தன. காவலர் வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு இவை மூன்றுமே தேவை.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்கு ஆள் எடுக்கிறது. 2022இல் 3,552 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. எழுத்துத் தேர்வு நவம்பர் 27ஆம் நாள் நடந்தது. அதில் தேறியவர்களுக்கு அடுத்த பிப்ரவரித் தொடக்கத்தில் உடல் தேர்வுகள் தொடங்கின. இரண்டுக்கும் நடுவே கிடைத்தது சுமார் பத்து வாரம்தான்.

அந்தத் திடலில் ஓடியவர்களுள் ஓர் இளைஞன் இந்தப் பத்து வாரத்தை நம்பி ஏமாந்தவன். முதல் முறை எழுதியபோது ஒன்பது மாதம் நூலகத்திலேயே கிடந்தான். "ஓட்டம்தானே? பரீட்சை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பது அவன் எண்ணம். எழுத்துத் தேர்வு முடிந்த மறுநாளே ஓடத் தொடங்கினான். ஒரு நாளும் விடவில்லை. மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் ஓரமாக வலி வந்தது. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் வலித்தது. பிறகு நடக்கும்போதும் வலித்தது. இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

இது பலருக்கும் நேர்வதுதான். திடீரென்று ஓடத் தொடங்கினால் மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவில் பழகா. மூச்சு சீராக இருப்பதை நம்பித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவனைக் கால்தான் நிறுத்துகிறது. விரலால் அழுத்தினால் எலும்பின் ஓரம் நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஒரே புள்ளியில் கூர்மையாக வலித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலி தணிந்த பிறகு அவன் மீண்டும் ஓடினான். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பள்ளித் திடலின் ஒரு சுற்று 200 மீட்டர் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். ஆகவே ஏழரைச் சுற்று ஓடினான். 6 நிமிடம் 35 விநாடி ஆயிற்று. இருபத்தைந்து விநாடி கையில் இருக்கிறது என்ற தெம்புடன் தேர்வுக்குச் சென்றான். ஆனால், மாவட்டத் தலைநகரின் மைதானத்தில் இறுதிக் கோட்டுக்குப் பத்து மீட்டர் இருக்கும்போதே விசில் ஊதிவிட்டது.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அப்பா மட்டும், "இன்னும் எத்தனை வருசம் எழுதலாம்?" என்று கேட்டார். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு வயது வரம்பு 28. அவனுக்கு அப்போது 26.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவன் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"திடலை அளந்தியா, தம்பி?"

"இருநூறுன்னுதான் சார் எல்லாரும் சொல்றாங்க."

அவர் அலமாரியிலிருந்து 30 மீட்டர் அளவு நாடாவை எடுத்து வந்தார். இருவரும் ஓடுபாதை நெடுக, வளைவுகளில் நாடாவைச் சிறிது சிறிதாக மடக்கி அளந்தார்கள். ஒரு சுற்று 187 மீட்டர்தான் இருந்தது. அப்படியென்றால் ஏழரைச் சுற்று 1,402 மீட்டர். அவன் 6 நிமிடம் 35 விநாடியில் ஓடியது அந்தத் தூரத்தைத்தான். அதே வேகத்தில் 1,500 மீட்டர் ஓடினால் 7 நிமிடத்துக்கு மேல் இரண்டு மூன்று விநாடி ஆகும். மைதானத்தில் நடந்ததும் அதுவே. அவன் அன்று மோசமாக ஓடவில்லை. வழக்கம்போலத்தான் ஓடியிருந்தான்.

அன்று மாலை ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அடுத்த தேர்வுக்கான திட்டம் பேசப்பட்டது. அவர் முதலில் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார். இந்தத் தேர்வில் சில பகுதிகள் வாசல். சில பகுதிகள் ஏணி என்றார். தமிழ்மொழித் தகுதித் தேர்வில் 80 கேள்விகள் உண்டு. அதில் 40 விழுக்காடு, அதாவது 32 மதிப்பெண் வாங்கினால் போதும். அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் தரவரிசையில் சேராது. 1,500 மீட்டர் ஓட்டமும் அப்படியே. 6:50இல் முடித்தவனும் 5:30இல் முடித்தவனும் அங்கே சமம். இவை வாசல்கள். தரவரிசையை முடிவு செய்வது வேறு 100 மதிப்பெண். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிகளுக்கு 24, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6.

இளைஞனுக்கு இது புதிதாக இருந்தது. அறிவிப்பில் இவை எல்லாம் அச்சிடப்பட்டிருந்தன; அவனும் படித்திருந்தான். ஆனால், அந்த எண்களை வைத்துத் தன் நாள்களைப் பங்கிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. ஓட்டத்தில் எல்லாரையும் முந்த வேண்டும் என்றே நினைத்திருந்தான். கயிற்றை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

உடல்திறன் போட்டியில் மூன்று பிரிவுகள் உள்ளன. கயிறு ஏறுதல் ஒன்று. நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல் மற்றொன்று. 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒற்றை நட்சத்திரம், இரட்டை நட்சத்திரம் என இரண்டு படிகள். மூன்றிலும் இரட்டை நட்சத்திரம் பெற்றால் 24 மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும்.

"100 மீட்டர்தான் சார் என்னோடது. நான் நல்லா ஓடுவேன்" என்றான் அவன். ஆசிரியர் மறுக்கவில்லை. மறுநாள் இரண்டையும் ஓடச் சொல்லி நேரம் குறித்தார். 100 மீட்டரில் 14.2 விநாடி வந்தது. ஒற்றை நட்சத்திரத்துக்கு 15 விநாடி, இரட்டைக்கு 13.5. இருபத்தாறு வயதில் முக்கால் விநாடியைக் குறைப்பது எளிதன்று. இரண்டு நாள் கழித்து 400 மீட்டரில் 73 விநாடி வந்தது. அதில் இரட்டை நட்சத்திரத்துக்கு 70 விநாடி. 1,500 மீட்டருக்காகச் செய்யும் பயிற்சியே இந்த மூன்று விநாடியைக் குறைக்க உதவும். பிரியமான போட்டியை விட்டுவிட்டு அளவு காட்டிய போட்டியை அவன் எடுத்துக்கொண்டான். மனம் இல்லாமல்தான் எடுத்துக்கொண்டான்.

நீளம் தாண்டுதலில் இரட்டை நட்சத்திரத்துக்கு 4.50 மீட்டர் வேண்டும். அவன் 4.25 தாண்டினான். ஆசிரியர் மணலைப் பார்க்காமல் அவன் கால் பதிந்த இடத்தைப் பார்த்தார். தாண்டும் பலகைக்கு ஒரு சாண் முன்னதாகவே அவன் எழும்பியிருந்தான். தாண்டிய தூரத்தைப் பலகையின் விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். ஆகவே அந்தச் சாணளவு தூரத்தை அவன் தாண்டியும் இழந்துகொண்டிருந்தான். ஓடிவரும் அடிகளை எண்ணி, தொடக்க இடத்தில் ஒரு கல்லை வைத்துப் பழகிய பிறகு அந்த இழப்பு மெல்லக் குறைந்தது.

மிகுந்த நாள் பிடித்தது கயிறுதான். ஒற்றை நட்சத்திரத்துக்கு 5 மீட்டர், இரட்டைக்கு 6 மீட்டர். முதல் நாள் கைகளை மட்டும் நம்பி ஏறினான். மூன்று மீட்டரில் பிடி தளர்ந்தது. சறுக்கி இறங்கியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அந்த வாரம் முழுவதும் பேனா பிடிக்கவே சிரமப்பட்டான். எழுத்துத் தேர்வுக்கும் உடல் தேர்வுக்கும் உள்ள உறவு அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். கயிற்றைப் பாதங்களுக்கு நடுவே இறுக்கி, கால்களால் உந்தி ஏறவும், கைமாற்றிக் கைமாற்றி இறங்கவும் அவன் கற்றான். வாரம் இரண்டு முறை மட்டுமே கயிறு என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

படிப்பையும் பயிற்சியையும் ஒரே வாரத்தில் அடக்குவது அடுத்த சிக்கல். வேகமாக ஓடிய நாள்களில் நூலகத்துக்குப் போனால் பத்து மணிக்கே தூக்கம் வந்தது. வரலாற்றுப் பக்கம் ஒன்றையே மூன்று முறை படித்தான். ஆகவே கடினமான ஓட்டத்தைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒதுக்கினான். அந்த நாள்களில் பழைய வினாத்தாள் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்தான். கை வேலை செய்தால் கண் மூடாது. மனத்தில் பதிய வேண்டிய பாடங்களை மெதுவாக ஓடும் நாள்களுக்கு வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லை.

எழுத்துத் தேர்வுக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தான். நிறுத்தவில்லை. 2023 டிசம்பர் 10ஆம் நாள் தேர்வு எழுதினான். மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல், திடலுக்குத் திரும்பினான்.

உடல் தேர்வு நாளில் முதலில் உயரமும் மார்பளவும் பார்த்தார்கள். பிறகு ஓட்டம். 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி ஆகலாம். அவன் 106 விநாடிக்குப் பழகியிருந்தான். விசில் ஊதியதும் கூட்டம் முன்னே பாய்ந்தது. போன முறை அவனும் அப்படிப் பாய்ந்தவன்தான். இம்முறை முதல் சுற்றில் கிட்டத்தட்டக் கடைசி ஆளாக ஓடினான். தான் பின்தங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டாமல் ஓடுவதுதான் அன்று அவனுக்கு மிகவும் கடினமாக இருந்தது. மூன்றாம் சுற்றில் முன்னே பாய்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். 6 நிமிடம் 44 விநாடியில் அவன் கோட்டைக் கடந்தான்.

கயிற்றிலும் 400 மீட்டரிலும் அவனுக்கு இரட்டை நட்சத்திரம் கிடைத்தது. நீளம் தாண்டுதலில் 4.46 மீட்டர். நான்கு சென்டிமீட்டர் குறைவு; ஒற்றை நட்சத்திரம்தான்.

இறுதிப் பட்டியல் வருவதற்கு முந்திய அந்த நாள்களிலும் அவன் காலையில் திடலுக்கு வந்தான். புதிதாக வந்த பையன் ஒருவன் மூச்சு வாங்க அவன் அருகே வந்து நின்றான்.

"அண்ணே, 1,500 மீட்டருக்கு இங்க ஏழரை ரவுண்டுதானே?"

"இல்லடா தம்பி. எட்டு ரவுண்டு. அதுக்கு மேல நாலு மீட்டர்" என்று சொல்லி, வேப்பமரத்தைத் தாண்டித் தரையில் தான் கீறியிருந்த கோட்டைக் காட்டினான்.