மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

பெரம்பலூரில் ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தி, கோடை விடுமுறைக்கு அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் உள்ள தாத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். திண்ணையோரம் மணல் பரப்பி அதன்மேல் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று பாட்டி உயிரோடு இருந்தபோது வாங்கியது.

"தாத்தா, பாட்டி பானைத் தண்ணி மட்டும் ஏன் ஜில்லுன்னு இல்ல?"

"ரெண்டையும் வெளியில தொட்டுப் பாரு கண்ணு."

புதுப்பானை ஈரமாக இருந்தது. பாட்டி பானை காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"வேர்த்துப் போய் காத்துல நின்னா உடம்பு குளிருதுல்ல? வேர்வை ஆவியா மாறச் சூடு வேணும். அந்தச் சூட்டை உன் உடம்புல இருந்து எடுத்துக்குது. பானையும் அப்படித்தான். சுட்ட மண்ணுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. அது வழியா தண்ணி வெளியில கசிஞ்சு ஆவியாகும். அதுக்கு வேண்டிய சூட்டை உள்ள இருக்குற தண்ணியில இருந்து எடுத்துக்கும்."

"கொஞ்சம் தண்ணி ஆவியானா பானை முழுக்கக் குளிருமா?"

"ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக எடுத்துக்கற சூடு, சுமார் 580 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி குளிர வைக்கும். பத்து லிட்டர் பானையில ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஆவியானா, கணக்குப்படி 11 டிகிரிக்கு மேல குறையணும். ஆனா வெளிச்சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்கும். அதனால அவ்வளவு குறையாது."

"சென்னையில சித்தப்பா வீட்டுப் பானை இவ்வளவு குளிராதே?"

"கடலோரக் காத்துல ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தி. தண்ணி லேசுல ஆவியாகாது. மழைக்காலத்துல நம்ம பானையும் அப்படித்தான்."

"அப்போ பாட்டி பானைக்கு என்ன ஆச்சு?"

"நம்ம ஊரு பூமியெல்லாம் சுண்ணாம்புக்கல்லு. சிமெண்ட் பாக்டரிங்க இங்க வந்ததே அதுக்குத்தான். கிணத்துத் தண்ணியிலயும் அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சிருக்கு. தண்ணி ஆவியாப் போகும், சுண்ணாம்பு போகாது. துளையிலயே தங்கி அடைச்சுக்கும். பானைக்கு பெயிண்ட் அடிச்சாலும் இதே கதிதான்."

அன்று சாயங்காலம் அவள் தேங்காய் நாரால் பாட்டி பானையைத் தேய்த்தாள். வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது. ஒருநாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி நிரப்பி வைத்தாள். மறுநாள் காலையில் பானையின் அடிப்பக்கம் லேசாக ஈரம் தட்டியது. மேல்பாதி காய்ந்தே இருந்தது. தண்ணீர் முன்பைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருந்தது, புதுப்பானை அளவுக்கு இல்லை.

"மேல இருக்கறது போயிடும். உள்ளுக்குள்ள அடைச்சது போகாதும்மா. புளி போட்டு வைக்கலாம்" என்றார் தாத்தா.

அவள் ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டாள்.

"புளி அடுத்த வருஷம் போடலாம் தாத்தா" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.