கைநாட்டுக்குப் பக்கத்தில் யார் கையெழுத்து?

தருமபுரி, அரூர் பக்கம் உயிரியல் பட்டம் முடித்த நம் பிள்ளைகள் எங்களிடம் அதிகம் கேட்பது 'சிஆர்சி' வேலை பற்றித்தான். கிளினிக்கல் ரிசர்ச் கோ-ஆர்டினேட்டர். மருந்துச் சோதனை நடக்கும் மருத்துவமனையில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று ஒப்புதல், அடுத்தடுத்த வருகைகள், பதிவேடு எல்லாவற்றையும் கவனிப்பவர்.

சான்றிதழுக்காகக் கடன் வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறோம். ஜிசிபி எனப்படும் நன்மருத்துவ ஆய்வு நெறிப் பயிற்சி சில மணி நேரம்தான். அமெரிக்காவின் 'நிடா' அதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஏசிஆர்பி அமைப்பின் சிசிஆர்சி தேர்வுக்கோ வழக்கமாக 3,000 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்த கையோடு அதை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாங்கள் நேரம் எடுத்துப் பேசுவது வேறொன்றை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒப்புதல் பெறும்போது, தொடக்கம் முதல் முடிவு வரை பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகளும் இதையே சொல்கின்றன. சாட்சி ஆய்வோடு தொடர்பில்லாதவராகவும், ஆய்வு செய்பவர்களின் அழுத்தத்துக்கு ஆளாகாதவராகவும் இருக்க வேண்டும் என்கிறது ஜிசிபி. அப்படியென்றால் அந்த வார்டு நர்ஸை நிறுத்துவது சரியாகாது. அவருக்கு மேலதிகாரி அந்த டாக்டர்தானே?

கம்மத்தில் நடந்ததைப் பாருங்கள். 2009இல் அன்றைய ஆந்திராவின் அந்த மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். அமெரிக்காவின் 'பாத்' அமைப்பும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. பழங்குடி விடுதி மாணவிகளும் அதில் உண்டு. பின்னர் ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களைப் பார்த்தபோது 1,948இல் கைநாட்டு இருந்தது, 2,763இல் விடுதி வார்டன் கையெழுத்து. பெற்றோர் தர வேண்டிய ஒப்புதல் அது. பிள்ளைக்குச் சோறும் இடமும் தரும் இடத்து அதிகாரியை எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவார்? 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

கோளாறு காகிதத்திலேயே தெரியும். ஒப்புதல் பெற்றதாகப் பதிவான நேரம் 11.30, ரத்தம் எடுத்தது 10.50 என்றிருந்தால் ஒப்புதல் பிறகுதான் வாங்கப்பட்டிருக்கிறது. சாட்சி கையெழுத்துக்குக் கீழே தேதியை வேறொருவர் எழுதியிருப்பார். பத்து நோயாளிகளுக்கும் ஒரே சாட்சி இருப்பார். படிவத்தின் பதிப்பு எண், நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட பதிப்போடு பொருந்தாது.

எங்கள் வகுப்பில் ஒருவர் பாலக்கோட்டுப் பாட்டியாக உட்காருவார். இன்னொருவர் அவருக்குப் படிவத்தை விளக்குவார். "வேண்டாம்னு சொன்னா இங்க வைத்தியம் பாப்பாங்களா?" என்று பாட்டி கேட்டே ஆக வேண்டும். வழக்கமான வைத்தியம் நிற்காது, நடுவில் விலகினாலும் நிற்காது என்று விளக்குபவர் சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். பிறகு பாட்டியே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மைப்பெட்டி. கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று பாட்டியின் பையில் போக வேண்டும்.