எந்தத் தேதி, எதனுடைய தேதி?

ஏட்டைப் படித்துப் பெயர்த்தெழுதி முடித்ததும் பெரிய வேலை தீர்ந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு விவரத் தாள். தேதி, ஆசிரியர், நிலை, மொழி என்று நாலு கட்டம். ‘இதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் ஐயா, அஞ்சு நிமிஷம்’ என்று என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்வார்கள். பெயர்த்தெழுதியதில் ஓர் எழுத்து பிழைபட்டால் அடுத்து படிக்கிறவர் சந்தர்ப்பம் பார்த்துத் திருத்திக்கொள்வார். விவரத் தாளில் ஆண்டு பிழைபட்டால் அதைத் திருத்த எவருக்கும் தோன்றாது. அச்சாகி, பட்டியலில் ஏறி, அங்கிருந்து இன்னொருவர் கட்டுரைக்குப் போய், கடைசியில் அதுவே சான்றாகிவிடும்.

தேதி கட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில்தான் சிக்கல் அதிகம். எனக்கு இரண்டு பிறந்த நாள். ஜாதகத்தில் ஒன்று, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வசதிக்காகப் போட்டது இன்னொன்று. ஓய்வு பெற்றது இரண்டாவதை வைத்து. சஷ்டியப்தபூர்த்தி நடந்தது முதலாவதை வைத்து. எது எதனுடைய தேதி என்று தெரிந்திருக்கும்வரை குழப்பமே இல்லை. சுவடிக்கும் அப்படித்தான், ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று தேதி.

நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஆகமப் படிகளைப் பாருங்கள். 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டுக் குருக்கள் வீடுகளிலும் மடங்களிலும் இருந்த சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஏட்டைக் கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கி, பண்டிதர்களைக் கொண்டு காகிதத்தில் நாகரி எழுத்தில் படியெடுத்தார்கள். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்ற புதுச்சேரி சைவச் சுவடிகளில் பெரும் பகுதி இங்கே உள்ளது. அங்கே உள்ள ஒரு காகிதப் படியை எடுத்து ‘தேதி’ என்று கேட்டால் எதைச் சொல்வது? ஆகமம் இயற்றப்பட்ட காலம் ஒன்று. அது ஆயிரம் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம். அதை எழுதிய பனையோலை நம் வெயிலிலும் பூச்சியிலும் இருநூறு முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது, ஆகவே அதன் தேதி வேறு. பண்டிதர் காகிதத்தில் எழுதிய தேதி இன்னும் வேறு. ஒரே கட்டத்தில் ஓர் ஆண்டைப் போட்டால் மூன்றில் எது என்று எழுதியவருக்கே நாளைக்கு நினைவிருக்காது. நூலின் காலம், ஏட்டின் காலம், படியின் காலம் என்று நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். தெரியாத கட்டம் காலியாகவே கிடக்கும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும். அவர்களிடம் இந்த வேலையைத் தரக் கூடாது.

இப்போது ஒரு கட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்து ஊர் வீடு ஒன்றின் பரணிலிருந்து வந்த வைத்தியச் சுவடி. அதன் கடைசி ஏட்டில் ‘கர வருஷம் சித்திரை மாதம் பத்தாந்தேதி வியாழக்கிழமை எழுதி முகிந்தது’ என்று இருக்கிறது. கர வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். கடைசியாக வந்தது 2011-12. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1951, 1891, 1831, 1771. இந்த ஏடு எந்தக் கர வருஷத்தது? கடைசி இரண்டையும் விட்டு 1891 என்று போடுவதுதான் பலரும் செய்வது, ஏனென்றால் ‘தாத்தாவுக்குத் தாத்தா காலம்’ என்று வீட்டார் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கிழமை இருக்கிறது. நம் பஞ்சாங்கக் கணக்கில் அறுபது சௌர வருஷம் என்பது 21,915 நாளும் கொஞ்சமும். ஏழால் வகுத்தால் ஐந்தோ ஆறோ மிஞ்சும். அதாவது அதே பெயருள்ள வருஷம் மீண்டும் வரும்போது, அதே மாதம் அதே தேதி ஐந்து அல்லது ஆறு கிழமை தள்ளி விழும். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளில் ஒரே கிழமை வரவே வராது. கணக்குப் போட்டால் கர வருஷ சித்திரை 10, 1771இல் ஏப்ரல் 19 வெள்ளி. 1831இல் ஏப்ரல் 21 வியாழன். 1891இல் அதே ஏப்ரல் 21 செவ்வாய். 1951இல் ஏப்ரல் 23 திங்கள். ஏட்டில் வியாழன் என்றிருப்பதால் 1831 மட்டுமே நேராகப் பொருந்துகிறது. நட்சத்திரமும் திதியும் கொடுத்திருந்தால் அவற்றையும் வைத்து ஒருமுறை சரிபார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கான பஞ்சாங்கப் பட்டியல் நூல்களும் கணினிக் கணக்கிகளும் இருக்கின்றன. விரல் விட்டு எண்ண வேண்டாம். கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆவதுண்டு. சங்கிராந்தி பொழுது சாய்ந்தபின் நிகழ்ந்தால் மாதம் மறுநாள் பிறக்கும், வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் அதில் வேறுபாடு வரும். அதனால் கிழமை ஒன்று தள்ளினால் உடனே ஏட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று தள்ளினால் நான் வேறு ஆண்டைத் தேடுவேன்.

மாதமில்லாமல் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 1831 என்று எழுதாதீர்கள், 1831-32 என்று எழுதுங்கள். தமிழ் வருஷம் ஏப்ரலில் பிறப்பதால் அந்தக் கர வருஷத்துத் தை, மாசி எல்லாம் 1832க்குள் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும். வியாழக்கிழமை எழுதி முடித்தவர் இந்த ஏட்டை எழுதியவர்தானா? மூலச் சுவடியின் கடைசி வரியையும் சேர்த்து அப்படியே படியெடுத்த எழுத்தர்கள் உண்டு. கையெழுத்து, ஓலையின் நிறம், பின்னால் சேர்த்த வேறு மையோ குறிப்போ, இவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓலை புதிதாய், எழுத்து பிந்திய வழக்காய் இருந்தால், 1831 என்பது இந்த ஏட்டின் தாய் ஏட்டுக்குரியதாக இருக்கலாம். அப்போது நான் எழுதுவது: ‘ஏட்டில் உள்ளபடி’ என்ற கட்டத்தில் அந்த வரி ஓர் எழுத்தும் மாறாமல், ‘கணித்தது’ என்ற கட்டத்தில் `1831-04-21`, அதன் கீழ் ‘கிழமை பொருத்தத்தால், மூலத்திலிருந்து வந்த வரியாகவும் இருக்கலாம்’ என்று. இன்னொரு சின்ன எச்சரிக்கை: எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகவே வைக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் எழுத்தாக இருந்தாலும் சரியாக வரிசைப்படும். ‘21-4-31’ என்று எழுதினால் நூற்றாண்டே போய்விடும்.

ஆசிரியர் கட்டத்தில் என் பேத்தி ‘அகத்தியர்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். நூலின் முதல் பாட்டில் அப்படித்தான் இருக்கிறது. வைத்தியச் சுவடிகளில் பல அகத்தியர், போகர், தேரையர் பேரால் வருகின்றன; சங்க காலத்து அகத்தியர் வந்து பாதரசம் புடம் போட்டார் என்று எந்த ஆராய்ச்சியாளரும் ஏற்க மாட்டார். ‘அகத்தியர் பெயரால் வழங்குவது’ என்று மாற்றச் சொன்னேன். கடைசி ஏட்டில் இன்னொரு பெயர் இருந்தது. அது ஏடெழுதியவர் பெயர். முகப்பில் உள்ள மூன்றாவது பெயர் ஏட்டை வைத்திருந்தவருடையது. ‘இன்னாருடைய வாகடம்’ என்பதைப் பார்த்து அவரை ஆசிரியராக்கிய பட்டியலை நான் கண்டிருக்கிறேன். இயற்றியவர், எழுதியவர், உடையவர் மூவருக்கும் மூன்று கட்டம் வேண்டும். ‘அப்போ தாத்தா, இதை டைப் அடிச்ச நான்?’ என்றாள். நான்காவது கட்டம் அவளுக்கு. எழுதிய நாளும் அதனுடன்.

மொழி கட்டத்தில் ‘கிரந்தம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கிரந்தம் எழுத்து, மொழி வடமொழி. பிரெஞ்சு நிறுவனப் படிகளில் மொழி ஒன்றே. ஓலையில் கிரந்தம், காகிதத்தில் நாகரி. வைத்தியச் சுவடியில் நிலைமை வேறு: எழுத்து தமிழ், மொழி தமிழ், நடுவில் மந்திரங்கள் மட்டும் கிரந்தத்தில். அதையும் எந்த ஏட்டில் என்று குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை நம்பி வருகிறவர் எட்டாவது ஏட்டில் திகைத்து நிற்பார். இன்னொன்று, ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர்த்தெழுதியதில் உள்ள புள்ளியும் நெடிலும் நாம் இட்டவை. விவரத் தாளில் ‘புள்ளி சேர்த்தது பெயர்த்தவர்’ என்று ஒரு வரி எழுதினால், ‘கொள்’ என்பதை ‘கோள்’ என்று திருத்த நினைக்கும் அடுத்தவருக்கு உரிமை கிடைக்கும். மருந்துப் பெயர்களில் இது விளையாட்டான விஷயமில்லை.

நிலை என்ற கட்டத்தில் ‘சுமார்’ என்று எழுதுவது எழுதாமலிருப்பதற்குச் சமம். யாருக்குச் சுமார்? கட்டில் எத்தனை ஏடு இருக்கின்றன, ஏட்டின் இடது ஓரத்தில் இருக்கும் தமிழ் எண் வரிசைப்படி எத்தனை இருந்திருக்க வேண்டும், இவை இரண்டும் முதலில். இந்தச் சுவடியில் ௧ முதல் ௬௪ வரை எண். ௨௩, ௨௪ இல்லை. கடைசி மூன்று ஏட்டில் ஓரம் ஒடிந்து எண்ணே போய்விட்டது. அந்த மூன்றையும் பாட்டின் தொடர்ச்சியை வைத்து வரிசைப்படுத்தினேன், ஆகவே அவற்றின் எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டேன். புழுத்துளை எழுத்தைத் தின்றதா, வெற்று இடத்தை மட்டும் தின்றதா என்பதும் வேண்டும். பெயர்த்தெழுதியவர் புள்ளிகளாய் விட்ட இடங்களுக்கு அதுதான் காரணம் சொல்லும். எத்தனை எழுத்து போயிருக்கலாம் என்று அங்கேயே எழுதிவிடலாம். முன்னரே மை பூசி எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்பதும் ஒரு செய்தி. எழுத்துத் தெளிவாய்த் தெரிவது இயல்பால் இல்லை, பூச்சால்.

நிலைக்கும் ஒரு தேதி உண்டு. ஏடு இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியும். அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் இருபதாம் ஏடும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே ‘பார்த்த நாள்’ என்று குறித்து, பழையதை அழிக்காமல் கீழே புதிய வரி சேர்க்கச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இந்த ஒழுங்கை முன்பே கைக்கொண்டிருக்கிறார்கள். பாகூர் சு. குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதி 2006இல் வெளிவந்தது. அங்கும் சிக்கல் ஆண்டில்தான். சோழர் கல்வெட்டு பல, ‘கோப்பரகேசரிக்கு யாண்டு’ என்று தொடங்கும். அந்தப் பட்டப் பெயரை ஒன்றுவிட்டு ஒரு மன்னர் சூடினார், எந்தப் பரகேசரி என்று கல் சொல்லாது. ஆட்சியாண்டை உள்ளபடி ஒரு பக்கமும் கணித்த ஆண்டை இன்னொரு பக்கமும் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வைத்தியச் சுவடிக் கட்டு இப்போது வீட்டுக்காரரிடமே திரும்பிப் போய்விட்டது, மரச்சட்டத்தோடு. தாளின் கடைசிக் கட்டத்தில் ‘இருக்குமிடம்: உடையவர் வீட்டில், பெயர் வெளியிட வேண்டாம் என்கிறார்’ என்று எழுதி, தாளின் பிரதி ஒன்றைக் கட்டுக்குள் வைத்தோம். வீட்டுக்காரர் அதில் ‘1831’ என்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இவ்வளவு பழசா என்றார். ‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் படித்துக் காட்டினேன்.