எஞ்சியவர்

அப்பா மறைந்தபின் பெற்றோரின் கூட்டுக் கணக்கு முடக்கப்பட்டது. நாங்கள் தெரிவிக்கத் தாமதித்ததால் இரு மாத ஓய்வூதியம் அதில் வந்து சேர்ந்திருந்தது. வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா பாஸ்புக்கை நீட்டினார். முதல் பக்கத்தில் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்றிருந்தது. இருவரில் ஒருவர், அல்லது எஞ்சியவர் (தமிழாசிரியர்களான எங்களுக்கே அச்சொல் அன்றுதான் உறைத்தது). அக்குறிப்பு இருந்து, நீதிமன்றத் தடையும் இல்லையெனில், இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. இறந்த நாளுக்குப் பிந்தைய ஓய்வூதியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கணக்கைத் திறந்தார்கள். அப்பா மத்திய அரசு ஊழியர். ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரும் இருந்தது. ஆகவே குடும்ப ஓய்வூதியத்திற்குப் புதுக் கணக்கு தேவைப்படவில்லை. பாஸ்புக்கில் அப்பாவின் பெயரை அடித்தபோது மட்டும் அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.